போனானா, போயிருந்தானா?



போன பதிவில் பழைய பள்ளிப் படங்களைப் போட்டபோது, "சார், ரிட்டையர் ஆன பிறகு ரஷ்ய மொழி படிக்கிறீர்களாமே, எதற்கு?" என்று நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். பதில் சொல்ல ஒத்திப்போட்டுக்கொண்டே வந்தேன். காரணம், அந்த மொழியை வைத்துக்கொண்டு நான் செய்த ஒரு தப்பை முதலில் சொல்லியாக வேண்டும். வகுப்பில் நீங்கள் தப்புச் செய்தால் காரணத்தோடு திருத்தம் எழுதச் சொல்லுவேன் அல்லவா? இது என் திருத்தம். கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

ஏர்வாடியில் எங்கள் தெருவில் ஒரு வீடு. அந்த வீட்டு அம்மா என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர். அவருடைய மகன் ரஷ்யாவில் மருத்துவம் படிக்கிறான். ஜூலை மாதம், கூட இருந்த நம் பக்கத்துப் பையன்கள் எல்லாம் விடுமுறைக்கு ஊருக்கு வந்துவிட்டார்கள். இவன் மட்டும் கோடைப் பயிற்சியை அங்கேயே முடிப்பதாகத் தங்கிவிட்டான். தினமும் அம்மாவுக்குப் பேசுகிற பிள்ளை இரண்டு நாளாகப் பேசவில்லை. போன் போட்டால் அணைந்திருக்கிறது என்று வருகிறது.

அவசரத்துக்கு இருக்கட்டும் என்று விடுதிக் காவல் பார்க்கும் ஒரு வயதான ரஷ்ய அம்மாவின் எண்ணை மகன் முன்பே கொடுத்திருந்தான். இவர் அந்த எண்ணுக்கு மகனின் படத்தையும் பெயரையும் அனுப்பினார். பதில் ரஷ்ய மொழியில் வந்தது. போனைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு ஓடிவந்தார். இரவு 9 மணி இருக்கும். அங்கே மாஸ்கோ நேரம். நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால், மாலை 6.30.

பதிலில் இரண்டே வாக்கியம். நம் எழுத்தில் எழுதினால், "ஓன் வ்செரா யேஸ்தில் வ் பல்னீத்சு. திலிஃபோன் ஸ்லமால்ஸ்யா." எனக்கு எல்லாச் சொல்லும் தெரிந்தது. அந்தப் பெருமையில் உடனே வாய்விட்டுச் சொன்னேன்: "நேத்து வண்டியில ஆஸ்பத்திரிக்குப் போனானாம்மா. போன் உடைஞ்சு போச்சாம்."

அந்த அம்மா அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ சார், எம்புள்ளைக்கு என்ன ஆச்சு? வண்டியில கொண்டு போனாங்களா? போன் உடையிற அளவுக்கு அடியா?" என்று அழ ஆரம்பித்தார். நேற்று போனவன், போன் உடைந்தது, இன்னும் பேச்சில்லை. நான் சொன்ன தமிழைக் கேட்ட யாருக்கும் அதுதான் தோன்றும். எனக்கே தோன்றியது. தெருவே கூடிவிட்டது. இராமநாதபுரத்தில் இருக்கிற அவர் தம்பிக்குச் சொல்லி, அவர் ஏஜென்டுக்குப் பேசி, அந்த ஏஜென்ட் எடுக்காமல், ராத்திரி ஒரு மணி வரைக்கும் யாரும் தூங்கவில்லை.

ஒரு மணிக்குப் பையனே வேறொருவர் போனிலிருந்து கூப்பிட்டான். "என்னம்மா, ஏன் அழுற? நேத்து பிராக்டிஸுக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தேன். போன் சார்ஜே ஏறல, கடையில குடுத்திருக்கேன்." அவ்வளவுதான் சங்கதி.

காவல்கார அம்மா தெளிவாகத்தான் எழுதியிருந்தார். அவர் எழுதிய ஒரே வினைச்சொல்லில், பையன் போனான், வண்டியில் போனான், திரும்பியும் வந்துவிட்டான் என்ற மூன்றும் இருந்தன. நான் முதல் இரண்டை மட்டும் தமிழில் கொடுத்து, மூன்றாவதைத் தொலைத்துவிட்டேன். அந்த மூன்றாவதில்தான் ஒரு தாயின் உயிர் இருந்தது.

விடிந்ததும் பாடப்புத்தகத்தை மறுபடி முதலிலிருந்து எடுத்தேன். அன்று எனக்குப் புரிந்ததை உங்களுக்குச் சொல்கிறேன். ரஷ்யாவில் படிக்கிற, படிக்கப் போகிற பிள்ளைகள் நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் உதவும்.

தமிழில் "போ" என்று ஒரு சொல் போதும். நடந்தும் போகலாம், பஸ்ஸிலும் போகலாம். வேண்டுமானால் "நடந்து", "பஸ்ஸில்" என்று சேர்த்துக்கொள்ளலாம், சேர்க்காவிட்டாலும் குறையில்லை. ரஷ்யர் அப்படி விடமாட்டார். வாயைத் திறக்கும்போதே இரண்டு கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். காலாலா, வண்டியிலா என்பது ஒரு கேள்வி. ஒரே திசையில் போகும் போக்கா, அல்லது போய்வருகிற போக்கா என்பது இன்னொன்று. இரண்டு கேள்விக்கு இரண்டிரண்டு பதில்; ஆக நான்கு வினைச்சொற்கள்.

நடந்து ஒரு திசையில் போவது "இத்தி". நடந்து போய்வருவது, வழக்கமாகப் போவது, அங்கும் இங்கும் நடப்பது எல்லாம் "ஹதீத்". வண்டியில் ஒரு திசையில் போவது "யேஹத்". வண்டியில் போய்வருவது "யேஸ்தித்".

நம் ஊரை வைத்தே பார்ப்போம். பஸ் நிறுத்தத்தில் இறங்கி ஒருவர் தர்கா பக்கம் நடந்துகொண்டிருக்கிறார். எதிரில் பார்த்து "எங்கே போறீங்க?" என்றால், அவர் "இத்தி"யில்தான் பதில் சொல்ல வேண்டும். இப்போது, இந்த வழியில், அந்த இடம் நோக்கி என்பதே அதன் பொருள். அதே மனிதர் வாராவாரம் வருகிறவர் என்றால், அந்த வழக்கத்தைச் சொல்ல "ஹதீத்" வேண்டும். கீழக்கரைக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்போது போன் வந்து "எங்கே இருக்கே?" என்றால் "யேஹத்". தினமும் கீழக்கரைக்கு வேலைக்குப் போய்வருகிறவர் தன் பிழைப்பைச் சொன்னால் "யேஸ்தித்".

நிகழ்காலம் இவ்வளவோடு முடிந்துவிடும். ஆபத்தெல்லாம் இறந்தகாலத்தில்தான் இருக்கிறது. நான் விழுந்ததும் அங்கேதான்.

ஒரு வீட்டுக்காரர் கடைக்குப் போன கதையை எடுத்துக்கொள்வோம். அவரைத் தேடி ஒருவர் வந்து "எங்கே அவர்?" என்று கேட்கிறார். வீட்டில் இருப்பவர் "பஷோல்" என்று சொன்னால், கிளம்பிப் போய்விட்டார், இங்கே இல்லை என்று பொருள். கடைக்குப் போய்ச் சேர்ந்தாரா, பாதிவழியில் பேசிக்கொண்டு நிற்கிறாரா என்பதை அந்தச் சொல் சொல்லாது. "ஷோல்" என்று சொன்னால், அவர் வழியில் நடந்துகொண்டிருந்த நேரத்தைப் பற்றிய பேச்சு; "கடைக்குப் போய்க்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது" என்பதுபோல. அவர் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்; "காலையில் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டால், அவர் சொல்வது "ஹதீல்". போனேன், வந்தேன், காரியம் முடிந்தது.

இதே மூன்றும் வண்டிப் பயணத்துக்கு "பயேஹல்", "யேஹல்", "யேஸ்தில்" என்று ஆகும். காவல்கார அம்மா எழுதியது மூன்றாவது சொல். கூடவே "நேற்று" என்றும் எழுதியிருந்தார். "நேற்று" இல்லாமல் வெறும் "யேஸ்தில்" என்றால், அந்தக் காலத்தில் அடிக்கடி போய்வருவான் என்ற வழக்கமாகவும் இருக்கலாம். "நேற்று" சேர்ந்தவுடன் அது ஒரே ஒரு முறை போய்வந்த பயணம் என்று உறுதியாகிறது. பையன் மெய்யாகவே படுக்கையில் கிடந்திருந்தால் அந்த அம்மா இந்தச் சொல்லையே தொட்டிருக்க மாட்டார். "உவிஸ்லீ", அதாவது வண்டியில் கொண்டுபோய்விட்டார்கள் என்றோ, "லெஷீத்", அதாவது ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான் என்றோ எழுதியிருப்பார்.

போன் விஷயத்திலும் எனக்கு அரைகுறைதான். "ஸ்லமால்ஸ்யா" என்றால் உடைந்தது என்றும் வரும், வேலை செய்யாமல் பழுதானது என்றும் வரும். போனுக்கும் கடிகாரத்துக்கும் பெரும்பாலும் பழுதுதான். கீழே விழுந்து நொறுங்கியதற்கு வேறு சொல் இருக்கிறது. ஒரு பழுதை நான் விபத்தாக்கிவிட்டேன்.

சரி, தமிழில் இதைச் சொல்ல வழியே இல்லையா? இதுதான் என்னை அதிகம் உறுத்தியது. வழி தாராளமாக இருக்கிறது. தமிழ் வாத்தியாராக முப்பது வருஷம் இருந்தும் நான் அதைப் பயன்படுத்தவில்லை.

"நேற்று மதுரைக்குப் போயிருந்தேன்" என்று ஒருவர் நம் முன்னால் நின்று சொன்னால், போய்வந்துவிட்டார் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். "அவர் மதுரைக்குப் போயிருக்கிறார்" என்றால் இன்னும் அங்கேதான் இருக்கிறார். வெறுமனே "போனார்" என்றால் இரண்டும் இல்லை; கேட்பவர் நிலைமையைப் பார்த்து ஊகித்துக்கொள்ள வேண்டும். ரஷ்யர் வினைச்சொல்லையே மாற்றிச் செய்யும் வேலையை, நாம் "இரு" என்ற துணைவினையை ஒட்டிச் செய்கிறோம். "யேஸ்தில்" என்பதற்கு நான் "போயிருந்தானாம்" என்றோ "போயிட்டு வந்தானாம்" என்றோ சொல்லியிருந்தால் அந்த வீட்டில் அன்று எல்லோரும் தூங்கியிருப்பார்கள்.

"வருவது" பற்றியும் இதே கதைதான். டாக்டர் வீட்டுக்கு வந்ததைப் பற்றி ரஷ்ய மொழியில் இரண்டு விதமாகச் சொல்லலாம். "வ்ராச் ப்ரிஷோல்" என்றால் டாக்டர் வந்திருக்கிறார். எழுந்து போய்ப் பார், உள்ளே உட்கார்ந்திருக்கிறார். "வ்ராச் ப்ரிஹதீல்" என்றால் டாக்டர் வந்திருந்தார்; வந்தார், பார்த்தார், போய்விட்டார். இரண்டையும் "டாக்டர் வந்தார்" என்று மொழிபெயர்த்தால், படிப்பவர் அவரை எந்த அறையில் தேடுவது? கதையில் அடுத்த வரியில் டாக்டர் இருக்க மாட்டார், வாசகர் குழம்பிப் போவார். "வந்திருக்கிறார்", "வந்திருந்தார்" என்று ஒரு எழுத்து பார்த்துப் போட்டால் போதும்.

ரஷ்ய மொழியில் இன்னொரு அருமையான சொல் இருக்கிறது. "ஸ்ஹதீத்" என்பார்கள், ஒரு முறை போய்க் காரியத்தை முடித்துக்கொண்டு திரும்பி வருவது. "ஸ்ஹஷூ" என்றால் "போயிட்டு வர்றேன்" என்பதற்கு அச்சாக நிற்கும். வண்டியில் என்றால் "ஸ்யேஸ்தித்". இதைப் படித்தபோது எனக்கு என் அம்மா நினைவு வந்தது. நம் வீடுகளில் யாராவது "போறேன்" என்று சொல்லிக் கிளம்பினால் விடுவார்களா? "போறேன்னு சொல்லாதடா, போயிட்டு வர்றேன்னு சொல்லு" என்று வாசலில் நிறுத்தி இரண்டாம் முறை சொல்ல வைப்பார்கள். அம்மா இலக்கணம் படித்தவர் இல்லை. ஒருவழிப் போக்குக்கும் திரும்பி வரும் போக்குக்கும் உள்ள வித்தியாசம் அவருக்கு நெஞ்சில் இருந்தது.

ஆனால் ஒன்று, இதை அப்படியே ரஷ்யருக்குப் பொருத்தக் கூடாது. ரஷ்யர் விருந்து முடிந்து விடைபெறும்போது "பய்தூ" என்பார். "கிளம்புகிறேன்" என்று பொருள். அதில் அபசகுனம் எதுவும் இல்லை. அந்த இடத்தில் "ஸ்ஹஷூ" என்று நம் பழக்கத்தில் சொன்னால், "எங்கேயோ போய்விட்டு இப்போதே திரும்பி வருகிறார்போல" என்று அவர்கள் தட்டை எடுக்காமல் காத்திருப்பார்கள். மொழிபெயர்ப்பவர் "பய்தூ"வைத் தமிழில் "போயிட்டு வர்றேன்" என்று எழுதலாம். அது நம் வழக்கம். திருப்பிப் போகும்போது அதே பாதையில் போகக் கூடாது.

இனி, "காலா வண்டியா" என்ற முதல் கேள்வி. இது சுலபம் என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். ஒரு மாணவன் பஸ் ஏறித்தான் பள்ளிக்கூடம் போகிறான் என்றாலும், பள்ளியில் படிக்கிறான் என்ற பொருளில் "ஹதீத்"தான் வரும். அங்கே பயணம் பேச்சில்லை, படிப்புதான் பேச்சு. அதேபோல மனிதன் பஸ்ஸில் போவது "யேஹத்" என்றாலும், அந்த பஸ்ஸே ஊருக்குப் போவதை "இத்தி" என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். ரயிலும் அப்படித்தான். மழைகூட அவர்களுக்கு "இத்தி"தான். நமக்கு மழை வருகிறது, பெய்கிறது. அவர்களுக்கு மழை நடக்கிறது.

நம் கடற்கரைப் பிள்ளைகளுக்குப் பிடித்த செய்தி ஒன்று. நீரில் மிதந்து போவதற்கு ரஷ்ய மொழியில் தனியாக "ப்ளீத்" என்று ஒரு சொல் உண்டு. ஆனால் கப்பலில் வேலை பார்க்கிறவர்கள் தங்கள் கப்பலுக்கு அதைச் சொல்ல விரும்புவதில்லை. கப்பல் "நடக்கிறது" என்றும், தாங்கள் கடலுக்கு "நடக்கிறோம்" என்றும்தான் சொல்வார்கள். இதைப் படித்த அன்று மாலை கடற்கரையில் நாட்டுப்படகு தள்ளிக்கொண்டிருந்த ஒரு பழைய மாணவனிடம் சொன்னேன். "நாங்களும் கடலுக்குப் போறோம்னுதான சொல்றோம், மிதக்கப் போறோம்னா சொல்றோம்?" என்றான். நியாயம்தானே.

இப்படி ஜோடி ஜோடியாகப் போகும் வினைகளைப் பாடப்புத்தகங்கள் வழக்கமாகப் பதினான்கு என்று கணக்குச் சொல்கின்றன. ஓடுவது, பறப்பது, தூக்கிச் செல்வது, வண்டியில் ஏற்றிச் செல்வது, ஊர்வது என்று எல்லாவற்றிலும் ஒருதிசைக்கு ஒன்று, பலதிசைக்கு ஒன்று. நான் சொன்ன நான்கும் கைவசமானால் மற்றவை அதே அச்சில் வரும்.

இப்போது, ரஷ்ய மொழி எதற்கு என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆசிரியர் பயிற்சி படித்த காலத்தில், நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் புத்தக வண்டியில் மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் கிடைக்கும். கெட்டி அட்டை, நல்ல தாள், விலையோ மிகக் குறைவு. பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா போன்றவர்கள் மாஸ்கோவிலேயே தங்கி மொழிபெயர்த்த புத்தகங்கள். அப்படி நான் வாங்கியது பரீஸ் பொலெவோயின் "உண்மை மனிதனின் கதை", பூ. சோமசுந்தரம் தமிழாக்கியது. உங்களில் பலருக்கு அந்தக் கதையை மழை நாளில் வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

அது நடந்த கதை. 1942 ஏப்ரலில் மரேஸ்யெவ் என்ற சோவியத் விமானியின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. பாதங்கள் நசுங்கிய நிலையில், பனிக்காட்டில் 18 நாள் தன் படை இருக்கும் திசை நோக்கி நகர்ந்து உயிர் தப்பினார். இரண்டு காலையும் எடுத்த பிறகும், செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு 1943இல் மறுபடி போர் விமானம் ஓட்டினார். நாவலில் அவர் பெயர் மெரேஸ்யெவ்.

கதையில் அவர் முதலில் நொண்டி நடப்பார். நடக்க முடியாதபோது ஊர்வார். ஊரவும் முடியாதபோது உருண்டு போவார். அறுபது வயதுக்கு மேல், எழுத்துக்கூட்டி அந்த இடத்தை ரஷ்ய மொழியில் படிக்க வேண்டும் என்ற ஆசைதான் என்னை இதில் இறக்கியது. இந்த வினைச்சொல் பாடத்தை ஒழுங்காகப் படித்த பிறகுதான் அந்த இடத்தின் உயரம் எனக்குத் தெரிந்தது. ஊர்வதற்கு அவர்களிடம் இரண்டு சொல் உண்டு. குழந்தை தரையில் அங்கும் இங்கும் தவழ்வது "போல்ஸத்". ஓர் இலக்கை நோக்கி ஊர்வது "பல்ஸ்தீ". காயம்பட்ட அந்த மனிதனுக்கு உரியது இரண்டாவது. நடந்தாலும், ஊர்ந்தாலும், உருண்டாலும் திசை ஒன்றே. உடம்பு ஒவ்வொரு படியாகத் தோற்றுப்போகிறது, திசை மட்டும் மாறவில்லை. தமிழில் "ஊர்ந்தான்" என்று ஒரு சொல்லில் வருவதற்குள் இத்தனை இருக்கிறது. மொழிபெயர்த்தவர்கள் அதையெல்லாம் சுற்றியிருக்கும் வாக்கியங்களில் எப்படியோ ஏற்றித் தந்திருக்கிறார்கள். நான் ஒரே ஒரு வரியை ஏற்ற முடியாமல் கவிழ்த்தேன்.

மறுநாள் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "நீங்க என்ன சார் பண்ணுவீங்க, அவங்க எழுதுனதத்தான சொன்னீங்க?" என்றார். இல்லையம்மா, அவர் எழுதியதில் பாதியைத்தான் சொன்னேன் என்று சொல்லி, கடைக்குப் போனவர் கதையை அவருக்கும் விளக்கினேன். ஐந்தாம் வகுப்பில் கேட்டமாதிரியே கன்னத்தில் கைவைத்துக் கேட்டார்.

இப்போதெல்லாம் மகனைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் ஒரு கேள்வி கேட்கிறார். போன வாரம்கூட, "உங்க மகன் மாஸ்கோ போனானாமே" என்று பக்கத்து வீட்டில் சொன்னதற்கு, "போயிருக்கானா, போயிருந்தானா? சரியாச் சொல்லு" என்றாராம். ரஷ்ய மொழி படிக்கிற பிள்ளைகளும், அதிலிருந்து மொழிபெயர்க்கிறவர்களும் ஒவ்வொரு "போனான்" எழுதும்போதும் அந்த அம்மாவின் கேள்வியைக் கேட்டுக்கொண்டால் போதும்.

பையன் அடுத்த வருஷம் விடுமுறைக்கு வருகிறான். என் உச்சரிப்பைத் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறான். நான் சொல்லும் "யேஸ்தில்" அவன் காதுக்கு எப்படிக் கேட்கிறது என்று பார்க்க வேண்டும்.

போயிட்டு வர்றேன், பிள்ளைகளே.

அன்புடன்,
உங்கள் வாத்தியார், ஏர்வாடி